போட்டோவில் வந்த எண்கோட்டுத் தாள்: குறை எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும்

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பயிற்சித் தாளின் போட்டோ வருகிறது. மேலே −10 முதல் 10 வரை ஓர் எண்கோடு, அதற்குக் கீழே ஒன்பது கணக்குகள். மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதிரித் தாளில் தடுமாறும் இடங்களைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். ஆள் மாறினாலும் இடம் மாறுவதில்லை. சில தவறுகள் கணக்குப் போடும் முன்பே, போட்டோவைப் படிக்கும்போதே நடந்துவிடுகின்றன. மற்றவை பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகின்றன: கழித்தல் குறி என்ற ஒரே கோடு இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது, அதைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை.

கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். கூட்டலை முடிக்காமல் கழித்தலுக்குத் தாவினால் 7ஆம் படி புரியாது.

1. முதலில் எடுத்துவைக்க வேண்டியவை

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா, காயாக நகர்த்த ஒரு புளியங்கொட்டை. விரலை வைத்து எண்ணினால் விரலே இரண்டு மூன்று கோடுகளை மறைத்துவிடும். அதனால்தான் புளியங்கொட்டை.

ஒரு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எண்கோட்டில் வலப்பக்கம் போகப் போக எண் பெரிதாகும், இடப்பக்கம் போகப் போகச் சிறிதாகும். ஆகவே −7, −3ஐ விடச் சிறியது. “ஏழு பெரியதுதானே?” என்று பிள்ளை கேட்டால் இப்படிக் கேளுங்கள்: −7 டிகிரி உள்ள இடம் அதிகக் குளிரா, −3 டிகிரி உள்ள இடமா? குளிர் அதிகமான இடத்தில் வெப்பநிலை குறைவு. அவ்வளவுதான்.

2. போட்டோவைச் சரியாகப் படிப்பது

போட்டோவை மொபைலில் பெரிதாக்கி, முதலில் 0 எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பிறகு அதற்கு இடப்பக்கம் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கழித்தல் குறி மெல்லிய சிறு கோடு. நிழல் விழுந்தாலோ, போட்டோ பல கைகள் மாறி வந்து மங்கினாலோ முதலில் காணாமல் போவது அதுதான்.

எண்கோட்டில் தொலைந்த குறியை நாமே மீட்டுவிடலாம். 0க்கு இடப்பக்கம் குறை எண்கள் மட்டுமே இருக்க முடியும். −5க்கும் −3க்கும் நடுவில் ‘4’ என்று தெரிந்தால் அது −4தான். கணக்குகளில் அப்படி மீட்க முடியாது. ‘4 + 6’ என்று தெரிவது உண்மையில் ‘−4 + 6’ ஆக இருக்கலாம். ஒரு நல்ல தடயம் இருக்கிறது: மற்ற கணக்குகளின் முதல் எழுத்துகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் தொடங்க, இந்த ஒன்று மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கினால், முன்னால் ஏதோ அழிந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். தாளை மடித்த தடம் எண்ணுக்கு முன்னால் விழுந்து கழித்தல் குறிபோலத் தெரியும். மடிப்பு பக்கம் முழுக்க நீளும். குறி எண்ணின் அகலத்தைத் தாண்டாது.

அடுத்து அளவு. பக்கத்துப் பக்கத்தில் எண் எழுதிய இரண்டு கோடுகளைப் பார்த்து, அவற்றின் நடுவே எத்தனை சிறு கோடுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 0, 1, 2 என்று போனால் ஒரு இடைவெளி 1. 0, 2, 4 என்று எழுதி நடுவே கோடே இல்லை என்றால் ஒரு இடைவெளி 2. நம் தாளில் முதல் எட்டுக் கணக்குக்கான எண்கோட்டில் இடைவெளி 1. ஒன்பதாவதற்கு மட்டும் தனியாக −20 முதல் 20 வரை, இடைவெளி 2.

சாய்வாக எடுத்த போட்டோவில் ஒரு முனையில் இடைவெளிகள் நெருக்கமாகவும் மறு முனையில் அகலமாகவும் தெரியும். அச்சில் அவை சமமாகத்தான் இருந்திருக்கும். அதனால் திரையில் அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம், கோடுகளை எண்ணினால் போதும்.

3. எண்கோட்டை நோட்டில் வரையுங்கள், இரண்டு முறை

திரையைப் பார்த்தே கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறை திரை நகரும்போதும் எந்தக் கோட்டில் நின்றோம் என்பது மறந்துபோகும். ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று −10 முதல் 10 வரை நோட்டில் வரையுங்கள். முதலில் நடுவில் 0, பிறகு இரு பக்கமும். −10இல் தொடங்கி வரைகிறவர்கள் 0ஐ விட்டுவிட்டு −1க்கு அடுத்து 1 போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதே எண்கோட்டைப் பக்கத்தில் செங்குத்தாகவும் வரையுங்கள், 10 மேலே, −10 கீழே. இது நம் வெப்பமானி. வலப்பக்கம் என்பது மேலே ஏறுவது, இடப்பக்கம் என்பது கீழே இறங்குவது. 0 என்பது தண்ணீர் உறையும் செல்சியஸ் அளவு.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் குளிரை நம் பிள்ளைகளில் பலர் உணர்ந்ததில்லை. ஊட்டியில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும்போது அந்த எல்லையைத் தொடும், லடாக்கில் உள்ள லே நகரில் ஜனவரி இரவுகள் அதற்கு வெகு கீழே போகும். வீட்டுக்குள்ளேயே காட்ட வேண்டுமானால் பிரிட்ஜ் போதும். காய்கறி வைக்கும் பகுதி 4 டிகிரி அளவில் இருக்கும், மேலே உள்ள ஃப்ரீசர் −18 அளவில். ஐஸ் கட்டியாகவே இருப்பதற்குக் காரணம் அந்தக் கழித்தல் குறிதான்.

4. குறிகளுக்கு நிறம் கொடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு அதிகம் தடுமாறுகிறார்கள். கணக்குகளை நோட்டில் எழுதும்போது, எண்ணோடு ஒட்டிய கழித்தல் குறியை நீலத்தில் எழுதுங்கள். அது எண்ணின் பெயரில் ஒரு பகுதி, ‘பூஜ்ஜியத்துக்குக் கீழே’ என்று சொல்கிறது. இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியைச் சிவப்பில் எழுதுங்கள். அது செய்ய வேண்டிய வேலை.

−5 − (−3) என்பதில் நீலக் குறிகள் இரண்டு, சிவப்பு ஒன்று. −3 − 4 என்பதில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்போதும் நீலம். வரியின் தொடக்கத்தில் இருப்பதும் நீலம். ஒவ்வொரு கணக்கிலும் சிவப்புக் குறி சரியாக ஒன்றுதான் வர வேண்டும். இரண்டு வந்தால் போட்டோவைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

5. கூட்டல்: இருக்கும் இடத்திலிருந்து நகர்வது

கூட்டலில் முதல் எண் நாம் நிற்கும் இடம். இரண்டாம் எண் நகர்வு. மிகை எண் என்றால் வலப்பக்கம், குறை எண் என்றால் இடப்பக்கம். போய் நிற்கும் இடம் விடை.

முதல் கணக்கு:

3 + (−5)

மாலையில் 3 டிகிரி. இரவுக்குள் 5 டிகிரி இறங்குகிறது. காயை 3இல் வைத்து இடப்பக்கம் ஐந்து தாவல்: 2, 1, 0, −1, −2. விடை −2.

இங்கே இரண்டு பிழைகள் வரும். ஒன்று, நிற்கும் கோட்டையே ‘ஒன்று’ என்று எண்ணுவது. 3, 2, 1, 0, −1 என்று ஐந்து கோடுகளைச் சொல்லி −1இல் நின்றுவிடுவார்கள். தாவலைத்தான் எண்ண வேண்டும், கோட்டை அல்ல. காயைத் தூக்கி வைக்கும்போது மட்டும் எண்ணைச் சொல்லப் பழக்கினால் இது சரியாகிவிடும். இன்னொன்று 0ஐத் தாண்டிக் குதிப்பது, அப்போது விடை −3 என்று வரும். உங்கள் பிள்ளையின் விடை ஒரே ஒரு எண் தள்ளி வந்தால் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

இரண்டாவது கணக்கு −4 + 6. விடியலில் −4, மதியத்துக்குள் 6 ஏறுகிறது. வலப்பக்கம் ஆறு தாவல், விடை 2.

மூன்றாவது −2 + (−3). ஏற்கெனவே −2, இன்னும் 3 இறங்குகிறது. விடை −5.

மூன்றாவதில் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். “ஓர் அறை −2, இன்னோர் அறை −3, இரண்டையும் சேர்த்தால் −5” என்று பிள்ளை கதை சொல்லும். அது தவறு. இரண்டு அறைகளின் காற்றையும் கலந்தால் வெப்பநிலை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும், −5க்குப் போகாது. கூட்டலில் இரண்டாம் எண் வேறோர் இடத்தின் வெப்பநிலை அல்ல, எத்தனை டிகிரி மாறியது என்பது. கதை சரியாக இருந்தால்தான் அடுத்து வரும் கழித்தல் புரியும்.

6. வரைந்து வந்த அம்பைப் படிப்பது

நான்காவது கணக்கில் எண்கள் இல்லை. எண்கோட்டின் மேல் இரண்டு அம்புகள் வரைந்து, “இது எந்தக் கூட்டல்?” என்று கேட்டிருக்கிறார்கள். முதல் அம்பு 0 முதல் 2 வரை. இரண்டாவது 2 முதல் −5 வரை.

முதல் அம்பு எப்போதும் 0இல் தொடங்கும். போட்டோவில் அம்புமுனைகள் மங்கியிருந்தாலும் 0இல் தொடங்குவதை வைத்து எது முதல் அம்பு என்று கண்டுபிடிக்கலாம். அது முடியும் இடத்தில் இரண்டாவது தொடங்கும். இரண்டாவதன் மறுமுனை விடை.

பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது 2 + (−5). அம்பின் முனை −5இல் இருப்பதால் இரண்டாம் எண்ணும் −5 என்று நினைத்துவிடுகிறார்கள். அம்பு முனை இருப்பது சேர்ந்த இடம். இரண்டாம் எண் அம்பின் நீளமும் திசையும். 2 முதல் −5 வரை எண்ணினால் இடப்பக்கம் ஏழு தாவல். ஆகவே:

2 + (−7) = −5

7. கழித்தல்: எவ்வளவு மாறியது என்று கேட்பது

“மைனஸும் மைனஸும் பிளஸ்” என்ற வாய்ப்பாட்டை இந்த இடத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள். அதை மனப்பாடம் செய்த பிள்ளை −3 − 4 என்பதில் இரண்டு கழித்தல் குறிகளைக் கண்டதும் 7 என்று எழுதிவிடும். −2 + (−3) என்பதைக்கூட 5 என்று எழுதியவர்கள் உண்டு.

அதற்குப் பதிலாகக் கழித்தலை ஒரு கேள்வியாகப் படியுங்கள். காலையில் 22 டிகிரி, மதியம் 30 டிகிரி என்றால் எவ்வளவு மாறியது என்று அறிய 30 − 22 என்றுதானே போடுகிறோம்? கழித்தல் குறிக்குப் பின்னால் இருப்பது தொடக்கம். முன்னால் இருப்பது முடிவு. ஆகவே செய்ய வேண்டியது இது: காயைப் பின்னால் உள்ள எண்ணில் வையுங்கள், முன்னால் உள்ள எண் வரை நடத்துங்கள். வலப்பக்கம் நடந்தால் விடை மிகை எண், இடப்பக்கம் நடந்தால் குறை எண். சேர்ந்த இடம் இங்கே விடை ஆகாது. நடந்த தாவல்கள்தான் விடை.

கூட்டலுக்குப் பழகிய கை முதல் எண்ணில்தான் காயை வைக்கப் பார்க்கும். அதனால் கணக்கைத் தொடும் முன், பின்னால் உள்ள எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் போட்ட இடத்தில் காய்.

ஐந்தாவது கணக்கு 2 − 6. வட்டம் 6இல். 6 முதல் 2 வரை இடப்பக்கம் நான்கு தாவல். விடை −4. வெப்பநிலை 6இலிருந்து 2க்கு வந்தால் 4 டிகிரி இறங்கியது என்று அர்த்தம்.

ஆறாவது −3 − 4. இங்கே 4ஐ ஒட்டி எந்த நீலக் குறியும் இல்லை, ஆகவே அது வெறும் 4. வட்டம் 4இல். 4 முதல் −3 வரை இடப்பக்கம் ஏழு தாவல். விடை −7.

இதை இன்னொரு விதமாகவும் போடலாம்: −3இல் நின்று இடப்பக்கம் நான்கு தாவினாலும் −7. பள்ளியில் இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் −7 − 5 போன்ற கணக்கில் அந்த நடை எண்கோட்டின் −10 முனையைத் தாண்டி வெளியே போய்விடும். 5இலிருந்து −7க்கு நடந்தால் கோட்டுக்குள்ளேயே பன்னிரண்டு தாவலில் முடிந்து −12 கிடைக்கும்.

8. குறை எண்ணைக் கழிப்பது

முறை அப்படியேதான், புதிதாக ஒன்றும் இல்லை.

ஏழாவது கணக்கு:

4 − (−3)

விடியலில் −3, மதியம் 4. எவ்வளவு ஏறியது? வட்டம் −3இல். அங்கிருந்து 0 வரை மூன்று தாவல், 0 முதல் 4 வரை நான்கு தாவல், மொத்தம் வலப்பக்கம் ஏழு. விடை 7. இந்த நடையை இரண்டு துண்டாக எண்ணும்போதே பிள்ளைக்குத் தெரிந்துவிடும், 4உம் 3உம் ஏன் கூடுகின்றன என்று. தொடக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதால் அந்த மூன்றையும் ஏறித்தான் வர வேண்டும். 4 − (−3) என்பதும் 4 + 3 என்பதும் ஒன்று என்பதை இப்போது நோட்டில் எழுதலாம்.

எட்டாவது −5 − (−3). மூன்று கழித்தல் குறிகளைப் பார்த்துப் பயப்படுவார்கள். தொடக்கம் −3, முடிவு −5. இடப்பக்கம் இரண்டே தாவல். விடை −2. இங்கே 2 என்று எழுதுகிறவர்கள் தாவலைச் சரியாக எண்ணிவிட்டுத் திசையை விட்டவர்கள். “ஏறியதா, இறங்கியதா?” என்று கேட்டால் அவர்களே திருத்திக்கொள்வார்கள். −8 என்று எழுதுகிறவர்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நீலக் குறியைப் படிக்கவில்லை, −5 − 3 என்று போட்டிருக்கிறார்கள்.

9. இடைவெளி 2 உள்ள எண்கோட்டில் ஒரு வாக்கியக் கணக்கு

ஒன்பதாவது கணக்கு: “ஃப்ரீசரின் வெப்பநிலை −18 டிகிரி. கரண்ட் போனது. சில மணி நேரம் கழித்து −10 டிகிரி. வெப்பநிலை எவ்வளவு மாறியது?”

முதலில் கணக்கை எழுத வேண்டும். முடிவு முன்னால், தொடக்கம் பின்னால்:

−10 − (−18)

வாக்கியத்தில் எது முதலில் வருகிறதோ அதையே முதலில் எழுதுவது இங்கே வழக்கமான பிழை. −18 − (−10) என்று எழுதினால் −8 வரும், ஃப்ரீசர் இன்னும் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமாகும். கரண்ட் போன ஃப்ரீசர் குளிராது. வாக்கியத்தில் “பிறகு”, “கழித்து”, “இப்போது” என்ற சொல்லோடு வரும் எண்ணைக் கோடிட்டு, அதை முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டாவது எண்கோடு. −18இல் காய். −16, −14, −12, −10: வலப்பக்கம் நான்கு தாவல். ஒரு தாவல் 2 டிகிரி, ஆகவே 8. விடை 8 டிகிரி ஏறியது. பிள்ளை 4 என்று சொன்னால் கோடுகளை எண்ணிவிட்டு அளவைப் பார்க்கவில்லை. 28 என்று சொன்னால், இரண்டும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் இருக்கின்றன என்பதைக் கவனிக்காமல் கூட்டிவிட்டது. −18இலிருந்து −10க்கு வரும் வழியில் 0 குறுக்கிடவே இல்லை என்று கோட்டில் விரல் வைத்துக் காட்டுங்கள்.

10. விடையைச் சரிபார்ப்பது

கழித்தல் கணக்கு ஒவ்வொன்றையும் கூட்டலால் சரிபார்க்கலாம். தொடக்கத்தோடு மாற்றத்தைக் கூட்டினால் முடிவு வர வேண்டும். எட்டாவது கணக்கில் தொடக்கம் −3, கிடைத்த விடை −2:

−3 + (−2) = −5

−5 வந்துவிட்டது, விடை சரி. 2 என்று எழுதியிருந்தால் −3 + 2 = −1 என்று வந்து தவறு தெரிந்திருக்கும்.

கூட்டல் கணக்குக்கு 5ஆம் படியில் நடந்த வழியையே திரும்ப நடந்தால் போதும். −2இலிருந்து வலப்பக்கம் ஐந்து தாவினால் 3க்கு வர வேண்டும். வராவிட்டால் நிற்கும் கோட்டை எண்ணியிருக்கிறோம், அல்லது 0ஐ விட்டிருக்கிறோம்.

கடைசியாக, நோட்டில் எழுதிய ஒன்பது கணக்குகளையும் போட்டோவோடு ஒரு முறை ஒப்பிடுங்கள், குறிகளை மட்டும். விடைகளை எழுதி அதையும் போட்டோ எடுத்துத்தான் அனுப்பப்போகிறோம். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல், நோட்டுக்கு நேர் மேலே மொபைலைப் பிடியுங்கள். பென்சிலில் போட்ட கழித்தல் குறிகளைப் பேனாவால் ஒரு முறை அழுத்தி எழுதிவிட்டு எடுங்கள். அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்து, எல்லாக் குறிகளும் தெரிகின்றனவா என்று எண்ணுங்கள்.